பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வது: ஒரு குமாஸ்தாவிடம் கேள்விகள்

பதில் சொல்பவர் ஒரு சிறு ஊர் வக்கீல் அலுவலகத்தின் குமாஸ்தா. மூன்று வருடமாகப் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து வருகிறார்.

கோர்ட் வழக்குக்குக் கொடுத்த ஓ.எஸ். நம்பரையே ஃபைல் பெயராக வைத்தால் போதாதா சார்? அலமாரியில் கட்டெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. (தாராபுரம் குமாஸ்தா)

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 214/1998 என்று பெயர் கொடுத்தால் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. அது சின்னத் தொல்லைதான். நம்பர் நிலையாக நிற்காது என்பதுதான் பெரிய தொல்லை.

எங்களிடம் ஒரு நில வழக்கு. 1998இல் சார்பு நீதிமன்றத்தில் ஓ.எஸ். 214. பிறகு முன்சீப் கோர்ட்டுக்கு மாற்றலாகி 2004இல் ஓ.எஸ். 87 ஆனது. அப்பீலில் ஏ.எஸ். 12/2009, கடைசியில் நிறைவேற்று மனுவாக இ.பி. 31/2013. கட்டு ஒன்று, நம்பர் நான்கு. போதாததற்கு முன்சீப் கோர்ட்டிலும் வேறொரு ஓ.எஸ். 214/1998 எங்களுக்கு இருந்தது.

அதனால் கட்டுக்கு நாங்களே ஒரு நம்பர் போட்டோம். இது 0437. கோர்ட் எத்தனை முறை மாறினாலும் இது மாறாது, வேறு கட்டுக்கும் போகாது. நான்கு கோர்ட் நம்பர்களும் எக்செல் பதிவேட்டில் ஒரே வரியில் இருக்கும், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதோடு. ஃபைல் பெயர் இப்படி:

```
0437_01_1998-07-14_piradhu.pdf
0437_09_2008-11-21_theerpu.pdf
```

கட்டு நம்பர், கட்டுக்குள் வரிசை, ஆவணத் தேதி, என்ன ஆவணம். ஆண்டு முன்னால் வருவதும் 0437இன் முன் சுழியமும் வரிசை குலையாமல் இருக்கத்தான். ஃபோல்டரை 0401-0500 என்று நூறு நூறாகப் பிரித்தோம். கோர்ட் வாரியாகப் பிரித்திருந்தால் இந்தக் கட்டு எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

எங்கள் சீனியர் கட்சிக்காரர் பெயரைச் சொல்லித்தான் கட்டைக் கேட்பார். பெயரே இல்லாமல் எப்படித் தேடுவது? (ஜூனியர் வக்கீல்)

பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள். ஒரே ஆள் வக்காலத்தில் சுப்ரமணியன், பத்திரத்தில் சுப்பிரமணியம், ஆங்கிலப் பிராதில் வேறொரு எழுத்துக்கூட்டு. பதிவேட்டில் மூன்றையும் எழுதலாம், ஃபைல் பெயரில் முடியாது. இருநூறு கட்டுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கருப்பு வெள்ளையில் எடுத்தால் சைஸ் பத்தில் ஒரு பங்குதான். வக்கீல்கள் ஏன் கலர் கேட்கிறார்கள்? (ஜெராக்ஸ் கடைக்காரர்)

டைப் அடித்த பிராதுக்கு நீங்கள் சொல்வது சரி, 300 டிபிஐ கருப்பு வெள்ளை போதும். பத்திரத்துக்குக் கலர்தான். பின்பக்கத்தில் சார்பதிவாளரின் ஊதா முத்திரை மங்கலாக இருக்கும். கருப்பு வெள்ளையில் அது மறைந்துவிடும். மெஷினில் 'வெற்றுப் பக்கம் தவிர்' என்ற வசதி போட்டிருந்தால் பக்கமே போய்விடும். இரண்டு பக்கமும் எடுத்து, தாளையும் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்.

சைஸைக் குறைக்கும் JBIG2 என்ற முறையிலும் கவனம் வேண்டும். ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை அது ஒன்றாக்கிவிடக்கூடும். சில மெஷின்கள் 6ஐ 8 ஆக்கியது 2013இல் வெளியே வந்தது. சர்வே நம்பர் 166 என்பது 188 ஆனாலும் எழுத்து பளிச்சென்று இருக்கும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. அந்த அளவு சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். கலரும் சேர்ந்து எங்களுக்குக் கட்டுக்குச் சராசரி 100 எம்பி ஆகிறது. மூவாயிரம் கட்டு என்றாலும் ஒரு 1 டிபி டிஸ்க்கில் அடங்கும்.

எல்லாம் கூகுள் டிரைவில் தானாக ஏறிவிடுகிறது. அதுவே பேக்கப்தானே? (கோவை வாசகர்)

பாதி பேக்கப். எங்கள் டைப்பிஸ்ட் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தார், சாயங்காலம் பார்த்தால் டிரைவிலும் இல்லை. குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் தப்பித்தோம். நாற்பதாவது நாள் கவனித்திருந்தால்? இப்போது இரண்டு வெளி டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி. ஒன்று எப்போதும் வக்கீல் ஐயா வீட்டில். டிஸ்க்கில் ஏற்ற விண்டோஸில் கொடுக்கும் கட்டளை:

```
robocopy D:\KATTU E:\KATTU /E /XC /XN /XO
```

இது புதிய ஃபைல்களை மட்டும் ஏற்றும், ஏற்கெனவே டிஸ்க்கில் இருப்பதைத் தொடாது. இங்கே ஒரு ஃபைல் கெட்டுப்போனாலும் அங்கே நல்லது நிற்கும். /MIR மட்டும் போடாதீர்கள், இங்கே அழிந்ததை அங்கேயும் அழித்துவிடும். பதிவேடு தினமும் மாறுவதால், அதைத் தேதியோடு தனிப் பெயரில் சேமித்துப் பிறகு ஏற்றுகிறோம். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கட்டை டிஸ்க்கிலிருந்தே திறந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பேன்.

எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரம் வக்கீலிடம் தொலைந்துவிட்டது, ஸ்கேன் இருக்கிறதாம். அது போதுமா? (ஒரு வாசகி)

அம்மா, கேள்வி வேறு பக்கம் போகிறது, ஆனாலும் சொல்கிறேன். ஸ்கேன் அசலுக்கு ஈடாகாது. பதிவான பத்திரம் என்றால் ஸ்கேனில் உள்ள ஆவண எண்ணையும் ஆண்டையும் சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

இதனால்தான் நாங்கள் அசல் பத்திரங்களைக் கட்சிக்காரரிடமே கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம்.

அப்படியானால் ஸ்கேன் முடிந்த மற்ற காகிதங்களை எடைக்குப் போடலாமா? (மீண்டும் தாராபுரம்)

எடைக்குப் போடவே கூடாது, அது கட்சிக்காரர் ரகசியம். எரிக்கலாமா என்பதில் எனக்கும் ஐயாவுக்கும் இன்னும் வாதம் நடக்கிறது. அவர் வைத்திரு என்கிறார். மூன்றாவது அலமாரியில் கரையான் ஏறியாகிவிட்டது.