அத்தைக்கு ஏன் ஆறு விழவில்லை?

கேள்வி: ராத்திரி சாப்பிட்டதும் நாங்கள் நான்கு பேரும் ஒரே போனில் லூடோ ஆடுகிறோம். மாமியாருக்கு மட்டும் பத்து முறை உருட்டினாலும் ஆறு விழுவதில்லை. "இது என்னை ஏமாத்துது" என்று கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். நிஜமாகவே ஆப் ஏமாற்றுகிறதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எண்ணிப் பார்க்காமல் ஆப்பின் மேல் பழி போடாதீர்கள். ஒழுங்கான பகடையிலேயே, முதல் பத்து உருட்டலில் ஒருவருக்கு ஆறு விழாமல் போவது 100 ஆட்டத்தில் சுமார் 16 ஆட்டத்தில் நடக்கும். நான்கு பேர் ஆடினால், ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் யாராவது ஒருவர் பத்து முறை உருட்டியும் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். உங்கள் பையனுக்கு அது நடந்த ராத்திரி யாருக்கும் நினைவில் இருக்காது, அவன் கோபித்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டான்.

ஆனால் மாமியாரின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. தாயக்கட்டையை அவரே கையில் உருட்டித் தரையில் விடுவார், அது புரள்வதைக் கண்ணால் பார்ப்பார். போனில் பெரும்பாலும் தொட்ட கணமே எண் முடிவாகிவிடுகிறது, அப்புறம் பகடை சுழல்வதெல்லாம் வெறும் படம்தான். அழுத்தித் தொட்டாலும் மெதுவாகத் தொட்டாலும் ஒன்றுதான். சரியாகச் சொன்னால் அவருக்குப் பழக்கமான தாயம் இதைவிடக் கடினம்: 0, 1, 2, 3 என்று முகங்கள் உள்ள இரண்டு கட்டைகளில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு, லூடோவில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு.

சந்தேகம் தீர, ஒரு நோட்டை எடுத்து மாமியாரின் காய் நிறத்துக்கு விழும் எண்களை மட்டும் குறித்து வாருங்கள், மொத்தம் 120 உருட்டல். அதற்குச் சில ராத்திரிகள் ஆகும், ஆகட்டும். தொடர்ந்து மோசமாக விழும்போது எண்ண ஆரம்பிக்கக் கூடாது, ஆட்டத்தின் முதல் உருட்டலிலிருந்தே குறிக்கவேண்டும். சராசரியாக 20 ஆறு வரவேண்டும். 12 முதல் 28 வரை வந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பத்துக்கும் கீழே போனால் மட்டும் இன்னொரு 120 குறித்துப் பாருங்கள், மறுபடியும் அப்படியே வந்தால் அந்த ஆப்பைத் தூக்கிவிடலாம். இந்தக் கணக்கு ஒரே போனைக் கைமாற்றி ஆடும் ஆட்டத்துக்குத்தான். காயின் வைத்து முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் ஆடுவதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

என்னைக் கேட்டால், மாற்றவேண்டியது விதியை. ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது வயதானவர்களைச் சும்மா உட்காரவைக்கும் விதி. சில ஆப்களில் ஒன்று விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால், பத்து உருட்டலிலும் ஒருவர் காத்திருக்க நேர்வது 100 ஆட்டத்தில் 2 கூட இருக்காது. அந்த வசதி இல்லையென்றால், ஆளுக்கு ஒரு காய் முதலிலேயே வெளியே நிற்கும் வகை ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத ஆப் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.