மருந்தை மாற்றியும் அடிச்சாம்பல் நோய் அடங்காதது ஏன்?

கேள்வி: கம்பம் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். கவாத்து முடிந்து நாற்பது நாள் ஆகிறது. அடிச்சாம்பல் நோய்க்கு முதலில் அசாக்சிஸ்ட்ரோபின், அடுத்து பைரக்ளோஸ்ட்ரோபின் மெட்டிராம் கலவை, அதற்கடுத்து ஃபேமோக்ஸடோன் சைமோக்ஸனில் கலவை என்று மாற்றி மாற்றித்தான் அடித்தேன். முன்பெல்லாம் நன்றாகக் கேட்டது, இப்போது இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் திரும்பத் திரும்ப வருகிறது. போன காய்ப்பில் சாம்பல் நோயும் இப்படித்தான் மருந்துக்கு அடங்கவில்லை. அளவைக் கூட்டி அடிக்கலாமா?

பதில்: அளவைக் கூட்ட வேண்டாம். நீங்கள் மாற்றியது மருந்தின் பெயரையும் கம்பெனியையும்தான். அது நோய்க்கிருமியைத் தாக்கும் இடம் மூன்று முறையும் மாறவில்லை. அசாக்சிஸ்ட்ரோபின், பைரக்ளோஸ்ட்ரோபின், ஃபேமோக்ஸடோன் மூன்றும் கிருமியின் செல்லுக்குள் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரே புரதத்தின் ஒரே இடத்தில் போய் அமர்ந்து, அதற்கு ஆற்றல் கிடைக்காமல் தடுப்பவை. ஆகவே சர்வதேச வகைப்பாட்டில் இவை மூன்றுக்கும் ஒரே எண், 11. அந்தப் புரதத்தின் 143ஆவது இடத்தில் கிளைசின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் வந்துவிட்டால் மருந்து அங்கே பொருந்த முடியாது. இந்த ஒரு மாற்றம் போதும். 11ஆம் தொகுதியின் எல்லா மருந்துகளும் அந்தக் கிருமியிடம் ஏறக்குறைய முழுவதுமாகத் தோற்றுப்போகும். மருந்து உட்காரவே இடமில்லாதபோது இரண்டு மடங்கு அடித்தாலும் பலன் இராது. பழத்தில் எச்சம் தங்குவதும் பணம் போவதும்தான் மிச்சம்.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. கோடிக்கணக்கான வித்துக்களில் எங்கோ ஒன்றிரண்டில் அது தற்செயலாக முன்பே இருக்கும். மருந்து செய்வதெல்லாம் மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றுக்கு இடம் விடுவதுதான். ஒரு கணக்குக்காக, தோட்டத்தில் பத்து லட்சம் வித்துக்களில் ஒன்று மட்டும் தாங்கும் வகை என்றும், ஒரு தெளிப்பு சாதாரண வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொல்கிறது என்றும், எஞ்சியவை பெருகி அடுத்த தெளிப்புக்குள் பழைய எண்ணிக்கையை எட்டிவிடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தெளிப்பிலும் சாதாரண வகையோடு ஒப்பிட்டால் தாங்கும் வகை இருபது மடங்கு முன்னேறுகிறது. மூன்றாம் தெளிப்புக்குப் பிறகும் அதன் பங்கு ஒரு சதவீதத்தை எட்டாது. நான்காவதில் சுமார் 14 சதவீதமாகும். ஐந்தாவதில் 76 சதவீதத்தைத் தாண்டிவிடும். மருந்து நேற்றுவரை கேட்டது, இன்று திடீரென்று கேட்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுதான். உள்ளே வேலை முதல் தெளிப்பிலேயே தொடங்கிவிட்டது, கண்ணுக்குத் தெரிந்ததுதான் கடைசியில்.

கம்பம் பள்ளத்தாக்கில் இது இன்னும் வேகமாக நடக்க ஒரு காரணம் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடப்பதால், நோய்க்கு ஏற்ற இளந்தளிர் எந்த மாதமும் எங்கோ ஒரு பந்தலில் இருந்துகொண்டே இருக்கிறது. ஈரமும் இதமான வெப்பமும் இருந்தால் அடிச்சாம்பல் ஒரு சுற்றை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்துவிடும். அதன் வித்து காற்றிலும் மழைச் சாரலிலும் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

உங்கள் சாம்பல் நோய்க்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டும் உறவில்லாத கிருமிகள். சாம்பல் நோய் உண்மையான பூசணம், அடிச்சாம்பல் பூசணம்போல் தோன்றினாலும் பாசிகளுக்கு நெருங்கிய வேறு இனத்தைச் சேர்ந்தது. ஆகவே கந்தகமும், 'கோனசோல்' என்று முடியும் மருந்துகளும் சாம்பலைக் கேட்கும், அடிச்சாம்பலைத் தொடாது. மெட்டாலாக்சில், டைமெத்தோமார்ஃப் போன்றவை அடிச்சாம்பலைக் கேட்கும், சாம்பலைத் தொடாது. 11ஆம் தொகுதியோ இரண்டின் மேலும் வேலை செய்கிறது. அடிச்சாம்பலுக்கென்று நீங்கள் அடித்த ஒவ்வொரு டேங்கும் அதே இலையில் இருந்த சாம்பல் பூசணத்தையும் சலித்து, தாங்கும் வகையை விட்டுவைத்திருக்கிறது. கோனசோல் மருந்துகளுக்கு எதிர்ப்பு வருவது வேறு மாதிரி: ஒரே நாளில் தோற்காது, படிப்படியாகத் தளரும், பத்து நாள் காத்த மருந்து ஏழு நாளே காக்கும். மருந்தைக் குறைத்து அடிப்பது அங்கே நிலைமையை மோசமாக்கும்.

கலவை மருந்து அடித்தும் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். 11ஆம் தொகுதி தோற்ற பிறகு கலவையில் உழைப்பது கூட்டாளி மட்டுமே. மெட்டிராம் இலையின் மேல் நின்று தடுக்கும், உள்ளே நுழைந்துவிட்ட நோயைக் குணப்படுத்தாது. சைமோக்ஸனில் உள்ளே போகும், ஆனால் சில நாள்களிலேயே வீரியம் இழக்கும்.

எல்லாவற்றையும் எதிர்ப்புத்திறன் மேல் போடுவதற்கு முன் தெளிப்பைச் சரிபாருங்கள். அடிச்சாம்பலின் பூசணம் இலைக்கு அடியில் இருக்கிறது. பந்தலில் மேலிருந்தே அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்பவர்களும் உண்டு. அடியிலும் நன்றாக நனைந்திருந்தால், மூன்று வரிசைகளில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒன்றில் அசாக்சிஸ்ட்ரோபின், ஒன்றில் டைமெத்தோமார்ஃபும் மேங்கோசெப்பும், ஒன்றில் வெறும் தண்ணீர். அன்று நோயில்லாத இளம் இலைகளுக்கு நூல் கட்டி வையுங்கள். ஏழாம் நாளில் எண்ணெய்த் திட்டு தெரியும் இலைகளைப் பறித்து, ஈரப்பஞ்சோடு பாலித்தீன் பையில் இரவு முழுக்க இருட்டில் வைத்தால், கிருமி உயிரோடிருந்தால் காலையில் அடியில் வெள்ளைப் பூசணம் தெரியும். அசாக்சிஸ்ட்ரோபின் வரிசையும் தண்ணீர் வரிசையும் ஒன்றுபோல் இருந்து, டைமெத்தோமார்ஃப் வரிசை சுத்தமாக இருந்தால், எதிர்ப்புத்திறன்தான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இப்போதைக்கு நோய்ப்பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, பந்தலில் காற்றோட்டம் உண்டாக்குங்கள். டைமெத்தோமார்ஃப் 50 சதத் தூளை லிட்டருக்கு ஒரு கிராம், மேங்கோசெப் இரண்டு கிராம் என்று கலந்து அடியும் மேலும் நனைய அடியுங்கள். ஈரம் நீடித்தால் ஒரு வாரம் கழித்து ஃபோசெட்டில் அலுமினியத்தை லேபிளில் உள்ள அளவில் அடியுங்கள். அதைத் தாமிர மருந்தோடு கலக்கக்கூடாது. மேன்டிப்ரோபமிட், இப்ரோவாலிகார்ப் இரண்டும் டைமெத்தோமார்ஃபின் தொகுதியே (40) என்பதால் அவற்றை மாற்று மருந்தாகக் கருதாதீர்கள். மெட்டாலாக்சில் தனித் தொகுதிதான், ஆனால் 1980களின் தொடக்கத்திலேயே ஐரோப்பியத் திராட்சையில் எதிர்ப்பைச் சந்தித்தது; நோய் பரவிய பிறகு அதை நம்பி இறங்குவது சரியல்ல. சாம்பல் தென்பட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம் போதும், வெயில் கடுமையான நாளில் மட்டும் தவிர்க்கவும், இலை கருகும்.

அடுத்த காய்ப்பில் மழையில்லாத நாள்களை மேங்கோசெப், தாமிரம், கந்தகம் போன்றவற்றுக்கு விட்டுவிடுங்கள். அவை கிருமியைப் பல இடங்களில் தாக்குவதால் ஒரே மாற்றத்தால் தப்பிவிட முடியாது. ஊடுருவும் மருந்து மழைக்காலத்துக்கு மட்டும், எப்போதும் இவற்றில் அந்த நோயைக் கேட்கும், அந்த மருந்தோடு கலக்கக்கூடிய ஒன்றுடன் சேர்த்து, ஒரே தொகுதியை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்காமல் இருக்க வேண்டும். இடையில் வேறு தொகுதி வரும்போது அது தாங்கும் வகையையும் சாதாரண வகையையும் சமமாகவே கொல்கிறது. எனவே 11ஐத் தாங்கும் வகையின் பங்கு அந்த முறை ஏறுவதில்லை. மேற்சொன்ன கணக்கில் ஐந்து தெளிப்பும் 11ஆம் தொகுதியாக இருந்தால் ஒரே காய்ப்பில் வந்த நிலை, காய்ப்புக்கு ஒன்றே என்றால் ஐந்து காய்ப்பு எடுக்கும். ஆனால் சுழற்சி தாமதப்படுத்துமே தவிர, ஏற்கெனவே பெருகிவிட்டதைத் தானாக இறக்காது. ஆகவே அடுத்த காய்ப்பில் 11ஆம் தொகுதியை முழுக்க நிறுத்திவிட்டு, அதற்கடுத்த கவாத்துக்குப் பின் மேற்சொன்ன மூன்று வரிசைச் சோதனையை மீண்டும் செய்து பார்த்தே அதை எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.