கட்டிலும் பீரோவும் புதிதாக வாங்குவதற்கு முன்னால் ஒரு சாக்குக்கட்டி வாங்குங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. கை இரண்டும் நல்ல பலம், கால்தான் இல்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார், இனி வீல்சேர்தான். அறை 10க்கு 12 அடி. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அடியில் டிராயர் வைத்த கட்டிலும் ஏழடி உயர அலமாரியும் செட்டாகப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா? இப்போது இருப்பது பழைய தேக்குக் கட்டில், 5 அடி அகலம், நடுவில் கிடக்கிறது. எதிரே பீரோ.
– தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: வாங்காதீர்கள். அந்த செட்டில் இரண்டுமே உங்கள் அப்பாவுக்கு ஆகாதவை, அதில் கட்டில்தான் மோசம்.

காரணம் சொல்கிறேன். வீல்சேர் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்ப 5 அடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். சாக்குக்கட்டியால் தரையில் அந்த வட்டத்தைப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் வட்டம் முழுவதும் வெறுந்தரையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. திரும்பும்போது வெளியே நீட்டிக்கொண்டு போவது கால்மிதித் தட்டும் பாதமும்தான், அவை தரையை ஒட்டித்தான் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் 9, 10 அங்குலம் இடைவெளி இருந்தால் பாதம் அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். நாலு காலில் நிற்கிற உங்கள் தேக்குக் கட்டில் அந்த இடத்தைச் சும்மா தருகிறது, டிராயர் கட்டில் பெட்டி மாதிரி தரை வரை அடைத்துவிடும். அதோடு, அந்த டிராயரை அவர் திறக்க வேண்டுமென்றால் அது வெளியே வருகிற இடத்தில்தான் நாற்காலியும் நிற்கும். அப்புறம் எப்படித் திறக்க?

இப்போது அறையைப் பார்ப்போம். கதவு வடசுவரில் மேற்கு ஓரமாக, கட்டிலின் தலைமாடு தென்சுவரில் என்று வைத்துக்கொள்கிறேன் (வடக்கே தலை வைத்துப் படுக்க எந்த வீட்டில் விடுவார்கள்). 5 அடிக் கட்டில் நடுவில் கிடந்தால் இரண்டு பக்கமும் இரண்டரை அடிதான் மிச்சம். 18 அங்குல இருக்கை உள்ள வீல்சேர் வெளிச்சக்கரத்தோடு சேர்த்து 25, 26 அங்குலம் வரும், அதனால் நுழையலாம், திரும்ப முடியாது. கால்மாட்டில் ஐந்தரை அடி இருக்கிறது, ஆனால் ஒன்றே முக்கால் அடி ஆழமுள்ள பீரோ அதைத் தின்றுவிட்டால் மூன்றே முக்கால் அடிதான். அங்கேயும் திரும்ப முடியாது. அதாவது அறையில் இடம் இல்லாமல் இல்லை, மூன்று துண்டாகக் கிடக்கிறது.

கட்டிலைக் கிழக்குச் சுவரோடு தள்ளிவிடுங்கள். மேற்குப் பக்கம் 5 அடி அகலமும் 12 அடி நீளமுமாக ஒரே இடம் கிடைத்துவிடும், வட்டம் சரியாக உட்காரும். பைசாச் செலவில்லை. அந்த மேற்குச் சுவரில் இனி ஸ்டூல், துணிக்கூடை, கால்மிதி எதுவும் வரக்கூடாது, ஒரு ஸ்டூல் வந்தாலே வட்டம் போச்சு. அம்மா அதே கட்டிலில்தான் படுப்பார் என்றால் சுவர்ப்பக்கம் படுத்து கால்மாட்டு வழியாக இறங்க வேண்டியிருக்கும், அதை அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டில் உயரம் அடுத்தது. நாற்காலியில் மெத்தை வைத்து அப்பா உட்கார்ந்திருக்கும் உயரமும் கட்டிலில் அவர் உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கி நிற்கும் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் கையூன்றி நகர்ந்து மாற முடியும். பெரும்பாலும் 20, 21 அங்குலம் வரும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் நிறைய அமுங்கும், ஆள் உட்கார்ந்த பிறகே அளவெடுங்கள். குறைந்தால் ஆசாரியிடம் சொல்லி அயினிக் கட்டையில் நாலு துண்டு போட்டு, மேல்பக்கம் கட்டில் கால் ஒரு அங்குலமாவது உள்ளே இறங்கி நிற்கிற மாதிரி குழி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் வைக்காதீர்கள், பக்கவாட்டில் தள்ளும்போது வழுகிவிடும்.

அலமாரிக்கு வருவோம். பழைய பீரோவை அப்படியே கால்மாட்டில் விட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. நாலடி பீரோவின் ஒரு கதவு 2 அடி. அது திறந்து நின்றால் மூன்றே முக்கால் அடி வழியில் மிச்சம் 21 அங்குலம், நாற்காலி உள்ளே போகாது. அதனால் பீரோ அடுத்த அறைக்குப் போகட்டும், அந்த இடத்தில், வடகிழக்கு மூலையில், நாலடி அகலம், நாலரை அடி உயரம், 15 அங்குலம் ஆழத்தில் கதவில்லாத தட்டு ஒன்று செய்யுங்கள். தூசிக்கு ஒரு திரை போதும். அதற்கும் கட்டிலுக்கும் நடுவே நாலேகால் அடி வழி இருக்கும். அப்பா நேராக உருட்டிக்கொண்டு போய் தட்டுக்குப் பக்கவாட்டில் நிற்பார், கை நீட்டுவார், எடுத்துக்கொண்டு பின்னால் வருவார்.

உட்கார்ந்தபடி பக்கவாட்டில் கை எட்டுவது ஏறத்தாழ ஒன்றேகால் அடியிலிருந்து 4 அடி வரை. சட்டை மாட்டும் கம்பியை 4 அடியில் வையுங்கள். தொங்கும் சட்டை மூன்றடி நீளம் என்றாலும் தரையைத் தொடாது. கடையில் பார்த்த ஏழடி அலமாரியில் கம்பி ஐந்தரை அடிக்கு மேல்தான் இருக்கும், அது அம்மாவுக்கான அலமாரி, அப்பாவுக்கானது இல்லை. வேட்டி, போர்வை மாதிரி கனமானவை மடி உயரத்தில். மருந்தும் தண்ணீர்க் குப்பியும் அதற்கு மேல் தட்டில். ஒன்றேகால் அடிக்குக் கீழே எதுவும் வைக்க வேண்டாம், அடியில் 9 அங்குலம் திறந்தே கிடக்கட்டும், அங்கேயும் பாதம் நுழையும்.

கீழே விழுந்ததை எடுக்க அவர் குனியத்தான் செய்வார். நாற்காலி முன்பக்கம் கவிழ்வது இந்த இடத்தில்தான். பொருளைத் தாண்டி கொஞ்சம் முன்னால் போய், பிறகு பின்னோக்கி உருட்டினால் சின்னச் சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், நிற்கிற தளம் அந்த அளவுக்கு நீளும். அதன் பிறகு பிரேக் போட்டு, காலைத் தட்டிலிருந்து தரையில் இறக்கி வைத்து, பக்கவாட்டில் குனியச் சொல்லுங்கள்.

மரத்தூள் பலகையில் செய்து தருகிறேன் என்று யாராவது மலிவாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கால்மிதித் தட்டு தினமும் மோதுவது தரையிலிருந்து அரை அடி உயரத்தில். எங்கள் மாமா வீட்டில் முதல் மாதமே அந்த இடத்தில் ஓரப்பட்டி பெயர்ந்தது, தரை துடைத்த ஈரமும் ஆனி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து ஒரு வருடத்தில் பலகை தோசை மாவு மாதிரி பொங்கிவிட்டது. கடைக்காரர் ‘தண்ணி பட்டா நாங்க பொறுப்பில்ல’ என்று சொல்லி முடித்துக்கொண்டார். நம்ம ஊரில் மரத்துக்கா பஞ்சம், மரத்திலேயே செய்யுங்கள். கம்பி உயரம், ஆழம், அடி இடைவெளி மூன்றையும் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். அளவு தவறி வந்தால் அந்தச் சீட்டை வைத்துத்தான் பேச முடியும், பேச்சு எடுபடாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குளியலறைக் கதவையும் இன்றைக்கே அளந்து பாருங்கள். இரண்டரை அடிக் கதவு என்பது நிலையோடு சேர்த்த அளவு, உள்ளே 24, 25 அங்குலம்தான் தேறும், நாற்காலி முட்டி நின்றுவிடும். சுவரை வெட்டினால் லிண்டலின் தாங்கல் குறையலாம், கொத்தனாரைக் கேட்காமல் தொடாதீர்கள். செட்டுக்கு வைத்திருந்த பணத்தில் சக்கரம் வைத்த குளியல் நாற்காலி ஒன்று, 22 அங்குலத்துக்குள் அகலமாகப் பார்த்து வாங்கினால் அடுத்த வாரத்துக்கு அது உதவும்.