‘என்றான்’, ‘என்றாள்’ இல்லாமல் ஓர் உரையாடற் கதை

கேள்வி: இரண்டு பேரின் இடைவிடாத பேச்சாகவே ஒரு சிறுகதை எழுதுகிறேன். ‘என்றான்’, ‘என்றாள்’ போடாமல், இடையில் விவரிப்பும் இல்லாமல், யார் பேசுகிறார் என்பதை வாசகருக்கு எப்படி உணர்த்துவது?

நீங்கள் ஒரு வரைவை எழுதி முடித்து, பத்தாவது வரியிலேயே யார் பேசுகிறார் என்று நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதுவதாக இருந்தால், உங்களுக்குத் தேவையான கருவி மொழிக்குள்ளேயே இருக்கிறது. நீ, நீர், நீங்கள் என்று முன்னிலையில் மூன்று படிகள் நம்மிடம் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வினைமுடிவும் வேறு. பேசும் இருவரும் ஒருவரையொருவர் வெவ்வேறு படியில் அழைத்தால், பெயர் சொல்லாமலே பேசுபவர் தெரிந்துவிடுவார்.

என் கதையில் ஒரு மாமனாரும் மருமகனும் தொலைந்துபோன காணி உறுதியைப் பற்றி விறாந்தையில் இருந்து பேசுகிறார்கள்.

“உறுதியை நீர் கடைசியா எப்ப பாத்தனீர்?”

“நான் பாக்கேல்லை. பெட்டி உங்கடை கையிலைதானே இருந்தது.”

“பாலத்தடியிலை சனம் நெரிச்ச நேரம் உம்மட்டைத்தானே தந்தனான்.”

“நீங்கள் தந்தது பச்சைப் பை. பெட்டி இல்லை.”

‘பாத்தனீர்’, ‘உம்மட்டை’ என்பவை மாமனாருடையவை. ‘உங்கடை’, ‘நீங்கள்’ என்பவை மருமகனுடையவை. முன்னிலைச் சொல் வராத வரிகள் தொடர்ச்சியாக நான்கைத் தாண்டும்போதுதான் வாசகர் தடுமாறுகிறார். அந்த இடத்தில் ஒரு ‘தம்பி’யோ ‘மாமா’வோ வந்தால் போதும். வரிக்கு வரி ‘மாமா’ என்று போட்டால் அது விளித்தல் அல்ல, ‘என்றான்’ வேறு வேடத்தில் வந்ததாகவே ஆகும்.

விவரிப்பு இல்லாத கதையில் பழைய செய்திகளைச் சொல்வதுதான் அடுத்த சிக்கல். என் முதல் வரைவில் மாமனார், “1995 ஒக்டோபர் 30 நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டது உமக்குத் தெரியும்தானே” என்றார். தெரிந்த ஒருவரிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்? ஒரு வரியின் முடிவில் ‘தெரியும்தானே’ என்று சேர்த்துப் பாருங்கள். இயல்பாக ஒட்டிக்கொண்டால், அந்த வரி பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்கு அல்ல, வாசகருக்காகப் பேசப்படுகிறது. இருவருக்கும் தெரிந்த செய்தியை உள்ளே கொண்டுவர எனக்குக் கைகொடுத்தது தகராறுதான். நாவற்குழிப் பாலத்தில் கைமாறியது பெட்டியா பையா என்று அவர்கள் முரண்படத் தொடங்கியதும், இடப்பெயர்வு, கூட்டம், பயம் எல்லாம் விளக்கமின்றி வந்துவிட்டன.

மௌனத்தைக் காட்ட வெறும் புள்ளிகளை ஒரு வரியாக இட்டேன்; வாசித்துப் பார்த்த நண்பர் அச்சுப் பிழை என்று நினைத்தார். அதன் பிறகு மௌனத்தை மற்றவரே கவனிக்கும்படி மாற்றினேன்.

“ஏன் மாமா ஒண்டும் பறையாமல் இருக்கிறியள்?”

“செம்பிலை தண்ணி இருக்கோ, தம்பி?”

இந்த இரண்டு வரிகளில் மௌனமும் இருக்கிறது, மாமனார் பேச்சை மாற்றுவதும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். கதை முழுவதும் ‘நீர்’ என்று அழைத்த மாமனார், மருமகன் தன்னைக் குற்றஞ்சாட்டிய பிறகு, கடைசி வரியில் “சரி தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ” என்கிறார். ‘போட்டு வாரும்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர், மரியாதையைக் கூட்டியதன் மூலம் உறவைத் தள்ளி வைக்கிறார். கதையின் முடிவு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அதை வெளியிட்ட சஞ்சிகையினர் என்னிடம் கேளாமலே ‘நீர்’ எல்லாவற்றையும் ‘நீங்கள்’ என்று திருத்திவிட்டார்கள். ‘நீர்’ மரியாதைக் குறைவு என்று எண்ணியிருக்கலாம்; நம் பேச்சில் அது நெருக்கமும் மதிப்பும் சேர்ந்த சொல். திருத்திய கதையில் யார் பேசுகிறார் என்பதும் கலங்கியது, முடிவும் இல்லாமற்போனது. பல ஆண்டுகள் கடந்தும் அந்தக் கவலை எனக்குத் தீரவில்லை.

இது வட்டார வழக்கைப் பெரிதுபடுத்துவது என்று சிலர் கருதக்கூடும். நான் எல்லாக் கதைக்கும் இதைச் சொல்லவில்லை. இரு நண்பர்கள் ‘மச்சான், நீ’ என்று ஒரே படியில் பேசினால் இந்த வழி உதவாது. அங்கே ஒருவர் கேட்பவராகவும் மற்றவர் நழுவுபவராகவும் இருந்தால்தான் குரல்கள் பிரியும். மூன்றாமவர் ஒருவர் வந்துவிட்டால், ஓரிரு இடங்களில் ‘என்றார்’ போடுவதில் தவறே இல்லை.

கதையை அனுப்பும்போது, ‘நீர், நீங்கள் வேறுபாடு வேண்டுமென்றே எழுதப்பட்டது, மாற்ற வேண்டாம்’ என்று முதற்பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன்.