டிராஃப்டிங்கும் டிரான்சிஷனும்: முதல் ட்ரையத்லான் பார்க்கப் போகும் குடும்பத்தாரின் கேள்விகள்

ஓர் அம்மா: தண்ணியிலேர்ந்து ஓடி வர்ற மகளுக்குத் துண்டு கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. வேலிக்கு வெளியே நின்று நீட்டினாலும் அது வெளியுதவி, தண்டனை அவளுக்குத்தான். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம்தான் டிரான்சிஷன். துண்டு, காலணி எல்லாம் அங்கே சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கீழே அவளே வைத்திருப்பாள். துடைத்துக்கொண்டு நிற்கும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும் என்பதால் பலர் ஈரத்தோடே கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது ஹெல்மெட்டில். வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கலாம். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திய பிறகுதான் வாரைக் கழற்றலாம். அவசரத்தில் இரண்டாவதைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

கல்லூரி மாணவர்: ஒலிம்பிக்ல ஒட்டி ஒட்டித்தானே ஓட்டுறாங்க? டிராஃப்டிங் தப்பே இல்லையே!

பாதி சரி. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றின் தடையைக் குறைத்துக்கொள்வதுதான் டிராஃப்டிங். 2000 சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்கில் நுழைந்ததிலிருந்தே அங்கே அது அனுமதிதான். உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் தடை. உங்கள் போட்டி எந்த வகை என்று தொடக்கத்துக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். தடை சைக்கிளுக்கு மட்டும். நீச்சலில் ஒருவர் காலுக்குப் பின்னாலேயே போகலாம்.

ஒரு மாமா: பயிற்சிப் போட்டியில ஒருத்தன் என் மருமகனை முந்தினான். இவன் பாட்டுக்கு அதே வேகத்துலதான் போனான். நீல அட்டை இவனுக்கு! நியாயமா?

கோபம் புரிகிறது, ஆனால் விதி அப்படித்தான். நீல அட்டை டிராஃப்டிங்குக்கான தண்டனை. குறுந்தூரப் போட்டிகளில் முன்னவரின் முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி 10 மீட்டர் அவருடைய பகுதி. அதற்குள் நுழைந்தால் 20 நொடிக்குள் முந்தியாக வேண்டும். வந்தவரின் முன்சக்கரம் உங்கள் மருமகனின் முன்சக்கரத்தைத் தாண்டிய கணமே பகுதி கைமாறிவிட்டது. பின்வாங்க வேண்டியவர் இப்போது உங்கள் மருமகன்.

இவர் 30 கி.மீ. வேகத்தில் போகிறார், முந்தியவர் 32-இலேயே தொடர்கிறார் என்றால் சுமார் 18 நொடியில் இடைவெளி தானாகவே திறந்துவிடும். ஆனால் முந்தியவர்கள் முந்திய பிறகு மூச்சு வாங்கி வேகம் குறைப்பார்கள். அப்போது அதே வேகத்தில் போகிற இவர் மூன்று நான்கு மீட்டரில் ஒட்டிக்கொண்டு நிற்பார், நடுவரும் அதைத்தான் பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு நொடி மிதியைத் தளர்த்தி 27-க்கு இறங்கியிருந்தால் தப்பியிருப்பார். முழுக்க வெளியே வந்த பிறகு மறுபடி முந்தலாம்.

அதே மாமா: மேட்டுல எல்லாரும் ஒண்ணா நெருங்கிடுவாங்களே, அங்க என்ன பண்றது?

அங்கே நடுவருக்கு நடுவர் மாறும். பின்வாங்க முயல்வது தெரிந்தால் சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள்.

ஒரு சித்தப்பா: நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போய் வீடியோ எடுக்கப் போறேன். பக்கவாட்டுல தூரம் விட்டாப் போதும்ல?

போதாது சித்தப்பா. வண்டி பிளக்கும் காற்றும் டிராஃப்டிங்தான், துணைக்குக் கூட வருவதும் வெளியுதவிதான். ஏதாவது திருப்பத்தில் நின்று எடுங்கள். அங்கே எப்படியும் வேகம் குறையும், முகம் தெளிவாக விழும்.