தெரியாத பானை மேல் வரும் பயம்

கேள்வி: என் சேமிப்பில் 8 லட்சம் ரூபாய் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பங்குகளிலேயே இருக்கிறது. விலை ஏறி இறங்கினாலும் கவலைப்பட மாட்டேன். 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். அதில் என்ன ஆகும் என்றே தெரியாததால் மனம் வரவில்லை. நான் ரிஸ்க்குக்குப் பயப்படும் ஆளா?

பதில்: இல்லை. ஒரே பங்கில் 8 லட்சம் வைத்திருப்பதுதான் ரிஸ்க் அதிகமான வழி. உங்களைத் தடுப்பது, வாய்ப்பின் அளவு தெரியாததை ஒதுக்கும் மனப்போக்கு.

1961-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேனியல் எல்ஸ்பெர்க் இதைப் பானைக் கணக்காகக் காட்டினார். ஒரு பானையில் 50 சிவப்பு, 50 கறுப்புப் பந்துகள். இன்னொன்றிலும் 100 பந்துகள். எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. நீங்கள் சொன்ன நிறம் வந்தால் பரிசு. பலர் சிவப்பில் பந்தயம் கட்டவும் முதல் பானையையே கேட்பார்கள், கறுப்புக்கும் அதையே. இரண்டாவதில் சிவப்பு பாதிக்கும் குறைவு என்று நினைத்தால், கறுப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டுமே! பரிசும் ஒன்றுதான் என்பதால் ரிஸ்க் பயம் இதை விளக்காது. காசைச் சுண்டி நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாவது பானையிலும் வெற்றி வாய்ப்பு சரியாகப் பாதிதான்.

பிறகு ஏன் இவ்வளவு வெறுப்பு? உளவியல் ஆய்வாளர்கள் ஃபாக்ஸ், ட்வெர்ஸ்கி இருவரும் 1995-ல் ஒரு விடை தந்தார்கள். இரண்டு பானைகளையும் அருகருகே காட்டினால் தெரியாத பானையில் பந்தயம் கட்ட மக்கள் கணிசமாகக் குறைந்த விலையே சொன்னார்கள். தனித்தனிக் குழுக்களிடம் ஒவ்வொன்றாகக் காட்டியபோது விலை ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. உங்கள் கம்பெனி பக்கத்தில் நிற்பதால்தான் ஃபண்ட் இருட்டாகத் தெரிகிறது.

உங்கள் கம்பெனியின் வெளிச்சமும் முழுசாக நம்பத்தக்கதல்ல. கணக்குகள் பொய் என்று தலைவரே ஒப்புக்கொண்ட 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் பங்கு விலை 75 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அங்கே வேலை பார்த்தவர்களும் தங்கள் கம்பெனியை அறிந்ததாகவே நினைத்திருப்பார்கள். அன்று நிஃப்டி சுமார் 6 சதவீதம் இறங்கியது.

எனவே ஃபண்டை மட்டும் தனியாக எடுத்து, 'இது பாதியானால் என் குடும்பம் தாங்குமா?' என்று கேளுங்கள். 2008-ல் நிஃப்டி பாதிக்கு மேல் சரிந்தது, ஆகவே இது கற்பனை அல்ல. 8 லட்சம் 4 லட்சமாவதைத் தாங்க முடியாது என்றால் அது உண்மையான ரிஸ்க் பயம். தொகையைக் குறைத்து, மீதியை வங்கி நிரந்தர வைப்பில் வையுங்கள். தாங்க முடியும், ஆனாலும் தயக்கம் என்றால், தொகையைக் குறைத்துப் பயனில்லை. ஃபண்டின் மாத அறிக்கையில் உள்ள 50 பெயர்களையும் அவற்றின் பங்களவையும் படியுங்கள். பிறகு பல தவணைகளில் மாற்றுங்கள்.

ஒரு இடத்தில் இந்தப் பயம் சரியானது: பானையை நிரப்பியவரே உங்களிடம் பந்தயம் கேட்கும்போது. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் லாபம் மட்டும் பேசும் திட்டத்தைத் தள்ளிவிடுங்கள். நிஃப்டியின் பட்டியலோ எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது.