இத்தாலியனில் பெயரடை முன்னாலா பின்னாலா: ஒரு நற்சான்றுக் கடிதத்தை வைத்து

“அக்கா, நான் பலெர்மோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். வயசானவர்களைப் பார்க்கிற வேலைக்குக் காட்ட, கொழும்பில் நான் வேலை செய்த வீட்டு அம்மா இங்கிலீஷில் எழுதித் தந்த நற்சான்றுக் கடிதத்தை இத்தாலியனுக்கு மாற்றுகிறேன். பெயரடைகளை எல்லாம் இங்கிலீஷில் இருந்த மாதிரியே முன்னால் போட்டேன். வாசித்துப் பார்த்த ஒருவர், சிலதைப் பின்னுக்குப் போடு, சிலதை அப்படியே விடு, இல்லாவிட்டால் கருத்து மாறும் என்றார். எது எங்கே வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

தங்கச்சி, முதலில் பின்னால் போடப் பழகுங்கள். இத்தாலியனில் பெயரடையின் வழக்கமான இடம் பெயருக்குப் பின்னால்தான். அங்கே இருக்கும்போது அது, இருக்கிறவற்றுக்குள் எது என்று பிரித்துக் காட்டும். முன்னால் வந்தால் பிரிக்கிற வேலை போய்விடும். எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று ஏற்கெனவே தெரியும், அதைப் பற்றிச் சொல்பவருடைய எண்ணமோ உணர்ச்சியோதான் அந்தச் சொல்லில் ஏறும்.

நீங்கள் தேடுகிற வேலையிலேயே இது வரும். வீட்டு அம்மா ‘புத்தா இ பியாத்தி வெக்கி’ என்றால் அலுமாரியில் இருக்கிற தட்டுகளில் பழசை மட்டும் எறி, மற்றது இருக்கட்டும் என்று அர்த்தம். ‘புத்தா இ வெக்கி பியாத்தி’ என்றால் தட்டுகள் எல்லாமே பழசு, அவ்வளவையும் எறி என்றுதான் விளங்கும். இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘ஓல்ட் பிளேட்ஸ்’ என்ற ஒரே வரிசை, தமிழிலும் ‘பழைய தட்டுகள்’ என்ற ஒரே வரிசை, அதனால்தான் எங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை. சந்தேகம் வந்தால் ‘எந்தத் தட்டு?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயரடை அந்தக் கேள்விக்குப் பதிலாக நின்றால் அது பின்னால் போகவேண்டியது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். இப்படியான கடிதங்கள் எல்லாவற்றிலும் அனேகமாக ஒரே சொற்கள்தான் வரும், அதில் முக்கியமானது ‘ஓல்ட்’. இங்கிலீஷில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கருத்து ஒளிந்திருக்கிறது, அதை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால் பிரிந்துவிடும். பழைய சிநேகிதியா, வயசான சிநேகிதியா? பழைய சிநேகிதி என்றால் ‘உனா வெக்கியா அமீகா’, சொல் முன்னால். வயசான சிநேகிதி என்றால் ‘உனாமீகா வெக்கியா’, சொல் பின்னால். ‘என்னுடைய பழைய முதலாளி’, அதாவது முந்தி வேலை செய்த இடத்து ஆள் என்றாலும் முன்னால்தான் வரும், அவருக்கு முப்பது வயசாக இருந்தாலும் ‘வெக்கியோ’தான். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘வெரி ஓல்ட் ஃபிரெண்ட்’ என்பதில் வரும் ‘வெரி’யைப் பார்த்துவிட்டு ‘மொல்தோ’ சேர்த்தீர்கள் என்றால், அப்படிச் சேர்ந்த பெயரடை பின்னால் போய் நிற்கும், ‘உனாமீகா மொல்தோ வெக்கியா’ என்று. வாசிப்பவருக்கு நல்ல வயசான ஒரு மனுசிதான் தெரிவார். பல வருசப் பழக்கம் என்று சொல்லவேண்டும் என்றால் ‘உனாமீகா தி வெக்கியா தாதா’ என்று எழுதிவிடுங்கள், அது எல்லாரும் சொல்கிற தொடர்.

கடிதத்தில் அந்த அம்மா தன் வயசான தாயைப் பற்றி எழுதியிருப்பார். ஒருவருக்கு ஒரு தாய்தான், அங்கே பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லை, அதனால் முன்னால் போட்டால் நன்றாக விழும்: ‘லா மியா அன்த்ஸியானா மாத்ரே’. மனிதர்களுக்கு, அதுவும் ஒரு கடிதத்தில், ‘வெக்கியா’வைவிட ‘அன்த்ஸியானா’தான் மரியாதை. சின்ன விஷயம் ஒன்றையும் கவனியுங்கள்: ‘மியா மாத்ரே’ என்று தனியாக வரும்போது ‘லா’ வராது, நடுவில் பெயரடை வந்ததும் ‘லா’ திரும்ப வந்துவிடும்.

அடுத்தது ‘புவர்’. இதில்தான் உண்மையான ஆபத்து. ‘உனா தோன்னா போவெரா’ என்றால் காசு இல்லாத பெண், ஏழை. ‘உனா போவெரா தோன்னா’ என்றால் பாவம் அந்தப் பெண், அவரிடம் எவ்வளவு காசு இருந்தாலும். தமிழில் ஏழை, பாவம் என்று நாங்கள் இரண்டு சொல்லால் பிரிக்கிறதை இவர்கள் இடத்தால் பிரிக்கிறார்கள். இதோடு முடியவில்லை. காலமானவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைத்தான் முன்னால் வைப்பார்கள், ‘இல் மியோ போவெரோ பாத்ரே’ என்று ஒருவர் சொன்னால் அனேகமாக அவருடைய தகப்பன் உயிரோடு இல்லை. ஆகவே நீங்கள் பார்த்த பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால், ‘நடக்கக் கஷ்டப்பட்ட பாவம் அந்த அம்மா’ என்ற இடத்தில் ‘லா போவெரா ஸின்யோரா’ என்று எழுதவேண்டாம். வேலைக்கு எடுக்கப் போகிறவர் உங்களைப் பார்த்து அந்த அம்மா எப்போது தவறினார் என்று கேட்டால் பிழை அங்கேதான் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, நடக்கக் கஷ்டப்பட்டார் என்று நேராக எழுதுங்கள்.

‘ஷீ இஸ் எ குட் வுமன்’ என்ற வசனமும் கட்டாயம் இருக்கும். அதை ‘உனா புவோனா தோன்னா’ என்று மாற்றவேண்டாம், தயவுசெய்து. ‘புவோனா தோன்னா’ என்ற சேர்க்கை நடத்தை கெட்டவள் என்று மறைமுகமாகச் சொல்ல ஓடுகிற ஒன்று, அதை வைத்து ஒரு மோசமான வசைச்சொல்லும் உண்டு. எல்லா இடத்திலும் அப்படி எடுக்கமாட்டார்கள்தான், ஆனாலும் ஒரு நற்சான்றுக் கடிதத்தில் அந்தச் சந்தேகமே வரக்கூடாது. எழுதவேண்டியது ‘உனா ப்ராவா தோன்னா’. நேர்மையானவள், நம்பி வீட்டுக்குள் விடலாம் என்ற முழுக் கருத்தும் அதில் வந்துவிடும். இதிலேயும் இடம் முக்கியம்: ‘உனா தோன்னா ப்ராவா’ என்று பின்னால் போட்டால் கெட்டிக்காரி, வேலை தெரிந்தவள் என்ற பக்கம் சாயும். ஆனால் தொழில் பெயர் வந்தால் முன்னால் நின்றாலே திறமைதான், ‘உனா ப்ராவா குவோக்கா’ என்றால் நன்றாகச் சமைப்பவள்.

அதே வசனத்தில் ‘சிம்பிள்’ என்று ஒரு சொல் வந்தால் அது பின்னால்தான். ‘உனா பெர்ஸோனா ஸெம்ப்லிச்சே’ என்றால் பந்தா இல்லாத, எளிமையான ஆள், நல்ல பாராட்டு. முன்னால் தூக்கி வைத்தால் ‘வெறும்’ என்று ஆகிவிடும்: ‘உனா ஸெம்ப்லிச்சே தொமாந்தா’ என்றால் வெறும் ஒரு கேள்விதான் கேட்டேன், வேறு ஒன்றும் இல்லை. ‘உனா தொமாந்தா ஸெம்ப்லிச்சே’ என்றால் சுலபமான கேள்வி.

‘டிஃபரென்ட்’ என்பதும் இப்படித்தான். ‘ஷீ ஹாஸ் வர்க்ட் இன் டிஃபரென்ட் ஹௌசஸ்’ என்று இருந்தால் அந்த அம்மா சொல்ல வருவது பல வீடுகளில் வேலை செய்த அனுபவம் இருக்கிறது என்றுதானே? அப்படியென்றால் ‘இன் திவெர்ஸே காஸே’. முன்னால் வந்தால் ‘பல’. ‘இன் காஸே திவெர்ஸே’ என்றால் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வீடுகள், எண்ணிக்கை இரண்டாகக்கூட இருக்கலாம். ‘சேர்ட்டன்’ என்ற சொல்லும் இதே குணம்தான்: ‘செர்தே நோதீட்ஸியே’ என்றால் சில செய்திகள், ‘நோதீட்ஸியே செர்தே’ என்றால் உறுதியான செய்திகள்.

சில பெயரடைகளுக்கு இந்தத் தெரிவே கிடையாது, அவற்றைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்கவேண்டாம். நிறம், வடிவம், நாடு, அப்புறம் ஒன்று எந்த வகை என்று சொல்கிறவை எல்லாம் பின்னால்தான். நீங்கள் வந்த கையோடு எடுத்த வரி இலக்கமான ‘கோதிச்சே ஃபிஸ்காலே’, சுகாதார அட்டையான ‘தெஸ்ஸெரா ஸானிதாரியா’ இரண்டையும் பாருங்கள், இரண்டாவது சொல்தான் பெயரடை. இப்படிப்பட்டவை இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் இங்கிலீஷ் வரிசையைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பவேண்டும். அந்த அம்மா ‘எ ஃபேமஸ் இங்லிஷ் பிரைவேட் ஸ்கூல்’ ஒன்றில் படிப்பித்தவர் என்று எழுதியிருந்தால், பெயருக்குக் கிட்ட நிற்கிற ‘பிரைவேட்’ இத்தாலியனிலும் பெயரை ஒட்டியே நிற்கும், அதற்கு அடுத்து நாடு வரும், மதிப்பீடாக வருகிற ‘ஃபேமஸ்’ மட்டும் முன்னால் நிற்கலாம்: ‘உனா ஃபமோஸா ஸ்குவோலா ப்ரிவாதா இங்லேஸே’. பெரிய வெள்ளை வீடு என்றாலும் அப்படியே, ‘உனா கிராந்தே காஸா பியாங்கா’.

எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்தால் இன்னொரு கெடுதியும் இருக்கிறது: நடை மாறிவிடும். வீடு விற்கிற விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள், ‘ஆம்ப்யோ ஸொஜ்ஜோர்னோ’, விசாலமான கூடம் என்று பெயரடையை முன்னுக்குத் தள்ளித்தான் எழுதுவார்கள், அது ஆளை மயக்குகிற நடை. ஒரு நற்சான்றுக் கடிதம் அப்படி ஒலித்தால் எழுதிக் கொடுத்தவரில் நம்பிக்கை வராது. ‘கிராந்தே பாத்ஸியென்ட்ஸா’ (மிகுந்த பொறுமை) என்ற மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் முன்னால் வரட்டும், மிச்சத்தைப் பின்னால் விட்டுவிடுங்கள். முன்னால் வைக்கிறபோது சில சொற்கள் குறையும் என்பதையும் பாருங்கள்: ‘புவோனோ’ ‘புவோன்’ ஆகும், ‘பெல்லோ’ ‘பெல்’ ஆகும், பின்னால் வந்தால் முழுசாக நிற்கும்.

கடைசியாக, உங்கள் குடும்பத்தைப் பற்றிய வரி. ‘ஓன்லி டாட்டர்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்குத்தான் உண்மை தெரியும். அண்ணன் தம்பி இருக்கிறார்கள், பெண் பிள்ளை நீங்கள் ஒருவர்தான் என்றால் ‘லூனிகா ஃபீல்யா’. கூடப் பிறந்தவர்களே இல்லை என்றால் ‘ஃபீல்யா ஊனிகா’. ஊரில் தாய் தகப்பனைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறதா, லீவு கேட்டு அடிக்கடி போவீர்களா என்று வேலை தருகிறவர் இதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார், அதனால் அந்த வரியை மட்டும் சரியாகப் பார்த்து எழுதுங்கள்.